முடிவை முன்னால் வையுங்கள்: போன் வெட்டுவது கடைசியைத்தான்

"கடும் பனிப்பொழிவு காரணமாக நாளை சனிக்கிழமை நடைபெறவிருந்த தமிழ் வகுப்பு நடைபெறாது."

இந்தத் தலைப்பில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. எங்கள் தமிழ் ஆசிரியர்கள் முழுப் புள்ளி போடுவார்கள். ரொறன்ரோவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இப்படி ஒரு மின்னஞ்சல் வராத தமிழ் வீடு குறைவு. ஆனால் போனில் அது இப்படித்தான் வந்து சேர்கிறது:

"கடும் பனிப்பொழிவு காரணமாக நாளை…"

நாளை என்ன? வகுப்பு இல்லையா, அரை மணி பிந்தித் தொடங்குகிறதா, சப்பாத்தோடு உள்ளே வரக் கூடாதா? அனுப்பியவர் சொல்ல வந்தது ஒரேயொரு சொல்: நடைபெறாது. அந்தச் சொல்தான் திரையில் இல்லை. பனி கொட்டுகிறது என்பது மட்டும் இருக்கிறது. அதை அறிய யன்னலைத் திறந்தாலே போதும்.

இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படும்: "தமிழ் நீளமான மொழி, போனுக்குச் சரிவராது, இனி ஆங்கிலத்திலேயே அனுப்புவோம்." நிர்வாகக் குழுவில் யாராவது இதைச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து தமிழ் வகுப்பின் அறிவித்தலே ஆங்கிலத்தில் வரும். இந்த விளக்கம் பிழையானது. சிக்கல் தமிழின் நீளத்தில் இல்லை, நாம் சொற்களை அடுக்கும் வரிசையில் இருக்கிறது. வரிசையை மாற்ற ஒரு செலவும் இல்லை. இப்போது இந்த மின்னஞ்சல்களை அனுப்புவது பெரும்பாலும் உங்களைப் போன்ற இளையவர்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன் எதை வெட்டுகிறது?

மின்னஞ்சல் பட்டியலில் தலைப்புக்கு ஒரு வரி, அதற்கு ஒரு அகலம். எழுத்துகளை இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டு போய், இடம் தீர்ந்ததும் மூன்று புள்ளி வைத்துவிட்டு மிச்சத்தை மறைத்துவிடும். இணையப் பக்கங்களில் அந்த மூன்று புள்ளியை வைப்பது `text-overflow: ellipsis` என்ற ஒரு வரிக் கட்டளை. மின்னஞ்சல் செயலிகளும் அடிப்படையில் இதையே செய்கின்றன. எந்தச் சொல் முக்கியம் என்று அவற்றுக்குத் தெரியாது. கடைசியில் நிற்பது எதுவோ அது போகும்.

தமிழில் கடைசியில் நிற்பது எது? வினை. பள்ளிக்கூடத்தில் படித்த எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. நடக்குமா நடக்காதா, வரவேண்டுமா வரவேண்டாமா என்ற தீர்ப்பு முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லில், அதிலும் அதன் வால்பகுதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வசனத்தின் நடுவிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசி அசைவரை காத்திருக்கும். நேரில் பேசும்போது இதனால் ஒரு தொல்லையும் இல்லை, ஏனென்றால் கேட்பவர் வசனம் முடியும்வரை நிற்பார். திரை அப்படி நிற்பதில்லை.

இதனால் வரும் மோசமான விளைவு செய்தி அரைகுறையாவது அல்ல, செய்தி தலைகீழாவது. இதைப் பாருங்கள்:

"நாளை பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்"

இடைவெளிகளையும் சேர்த்து 21 எழுத்து. சின்னத் தலைப்புத்தான். எழுத்தின் அளவைச் சற்றுக் கூட்டி வைத்திருக்கும் ஒரு போனில் இது "நாளை பிள்ளைகளை அழைத்து வர வேண்…" என்று நிற்கும். வேண்டும், வேண்டாம் இரண்டும் 'வேண்' வரை ஒன்றுதான். வித்தியாசம் அதற்கு அடுத்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது: 'டு'வா, 'டா'வா. 'அழைத்து வர வேண்' என்று பார்க்கும் தகப்பன் என்ன நினைப்பார்? அழைத்து வரச் சொல்கிறார்கள் என்றுதான். 'நடைபெ…' என்று நின்றாலும் இதே கதை. அது நடைபெறும் ஆகலாம், நடைபெறாது ஆகலாம், நடைபெறவுள்ளது ஆகலாம்.

'50 எழுத்துக்குள்' என்ற அறிவுரை

தலைப்பு எழுதச் சொல்லித்தரும் இணையப் பக்கங்களில் எல்லாம் ஓர் எண் இருக்கும்: 50 எழுத்துக்குள் வையுங்கள், 60 எழுத்துக்குள் வையுங்கள். நம்மவர்களும் அதை எடுத்து நம்பிக்கையோடு பின்பற்றுகிறார்கள். மேலே முதலில் கொடுத்த பனிப்பொழிவுத் தலைப்பை எண்ணிப் பாருங்கள். எழுத்து 42, இடைவெளி 8, கூட்டினால் சரியாக 50. அறிவுரையின்படி அது தேறிவிட்டது. போனில் தோற்றுவிட்டது.

முதல் காரணம், அந்த எண் ஆங்கில எழுத்துகளுக்கானது. என் போனை நிமிர்த்திப் பிடித்தால், மின்னஞ்சல் பட்டியலில் ஒரு வரிக்கு ஆங்கிலத்தில் 40 எழுத்து அளவில் தெரிகிறது. தமிழில் இடைவெளியோடு 22 எழுத்து. திரை எண்ணுவதில்லை, அகலத்தைத்தான் பார்க்கிறது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை. 'ர' மெலிந்தது, 'ண' அகன்றது. 'பொ' நமக்கு ஓரெழுத்து, ஆனால் திரையில் அது மூன்று துண்டாக வரையப்படுகிறது: முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ப, பின்னால் ஒரு கால். 'பனிப்பொழிவு' என்ற ஒற்றைச் சொல்லே வரியில் கால்வாசிக்கு மேல் தின்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம், எண்ணுவது யார் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. நமக்கு 'வேண்டாம்' நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு, ஏனென்றால் அது மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணும். உலாவியின் கன்சோலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```js
const s = "வேண்டாம்";
s.length                                      // 8
[...new Intl.Segmenter("ta").segment(s)].length  // 4
s.slice(0, 3)                                 // "வேண"
```

கடைசி வரியைக் கவனியுங்கள். அகலத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையால் வெட்டும் செயலிகளும் இருக்கின்றன. தலைப்பைப் பெறுநருக்கு அனுப்புவதற்கு முன்பே சேவையகத்தில் நறுக்கிவிடும் அறிவிப்புச் சேவைகளில் இதைப் பார்க்கலாம். அவை `slice` போன்ற ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் 'ண்' என்பதன் புள்ளி உதிர்ந்து 'ண' ஆகிவிடும். வெட்டு விழுந்த இடத்தில் எழுத்தே மாறிப்போயிருந்தால், அது அகலத்தால் வந்த வெட்டு அல்ல, எண்ணிக்கையால் வந்த வெட்டு என்று தெரிந்துகொள்ளலாம். உங்களில் யாராவது நிரல் எழுதுகிறீர்கள் என்றால், இரண்டாவது வரியில் இருக்கும் `Intl.Segmenter` அதற்கு மருந்து. அது நாம் எழுத்து என்று நினைப்பதையே எழுத்தாக எண்ணும். ஆனால் அதுவும் புள்ளியைத்தான் காப்பாற்றும், பொருளைக் காப்பாற்றாது. 'வேண்' என்று அழகாக வெட்டினாலும் அது வேண்டும்போலத்தான் இருக்கும்.

எப்படிச் சரிபார்ப்பது?

நம் அறிவித்தல்கள் எல்லாம் மடிக்கணினியில் எழுதப்படுகின்றன. எழுதும் பெட்டியில் தலைப்பு முழுதாகத் தெரியும், அடுத்த வரிக்கு மடிந்தாவது தெரியும். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு அனுப்புகிறோம். அது சோதனையே இல்லை, ஏனென்றால் பெறுபவர் ஒருபோதும் அந்தத் திரையைப் பார்க்கப் போவதில்லை.

முதலில் மின்னஞ்சலை உங்களுக்கே அனுப்புங்கள். திறக்காதீர்கள். பூட்டிய திரையில் வரும் அறிவிப்பைப் பாருங்கள், பிறகு பட்டியலில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் அகலம் வேறு, வெட்டும் இடமும் வேறு. அப்படியே திரைப்படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எழுத்தின் அளவைக் கூட்டிப் பாருங்கள். ஐபோனில் `Settings` → `Display & Brightness` → `Text Size` என்ற இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதை வலதுபக்கம் தள்ளிவிட்டு மறுபடி பட்டியலுக்கு வாருங்கள். அண்ட்ரொய்ட் போன்களிலும் இதே அமைப்பு உண்டு, பெயரும் இடமும் போனுக்குப் போன் மாறும். நம் வீடுகளில் தமிழ்த் தலைப்பை உண்மையில் தமிழில் படிப்பவர்கள் யார்? அம்மம்மாவும் அப்பப்பாவும். அவர்களுடைய போனில் எழுத்து பெரிதாகத்தான் இருக்கும். என் போனில் 22 எழுத்துத் தெரிந்த வரியில், அளவைக் கூட்டியதும் 16 எழுத்துத்தான் தெரிந்தது. உங்கள் கணக்கு அந்த 16இல் தொடங்க வேண்டும். மேலும், ஐபோன் தமிழுக்குப் பயன்படுத்தும் எழுத்துருவும் அண்ட்ரொய்டில் வரும் எழுத்துருவும் வேறு வேறு. ஆகவே வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், ஓரிரு எழுத்துக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, உங்கள் விரல் போதும். தலைப்பின் வலது ஓரத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக இடதுபக்கம் மறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிஞ்சியிருப்பதைப் படியுங்கள். அது குறையாக இருக்கலாம், அதனால் ஆபத்தில்லை. ஆனால் எந்த இடத்திலும் அது பொய்யாகக் கூடாது. இதைச் சோதித்துப் பாருங்கள்:

"நாளை வகுப்பு நடைபெறும் இடம் மாற்றப்பட்டுள்ளது"

22 எழுத்துத் தெரியும் போனில் "நாளை வகுப்பு நடைபெறும் இடம் மா…" என்று நிற்கிறது. ஏதோ இடத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று ஊகித்துத் திறந்து பார்க்கலாம். விரலை இன்னும் இடதுபக்கம் நகர்த்துங்கள். பெரிய எழுத்துப் போனில் அது "நாளை வகுப்பு நடைபெறும்…" என்று நிற்கிறது. அருமையான, முழுமையான, இலக்கண சுத்தமான வசனம். நாளை வகுப்பு நடைபெறும். திறந்து பார்க்க ஒரு காரணமும் இல்லை. பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மம்மா பழைய கட்டடத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்பார். பாதியில் முறிந்த தலைப்பாவது சந்தேகத்தை எழுப்பும். முழு வசனம்போல முறிந்த தலைப்பு அதையும் எழுப்பாது. விரல் சோதனையில் நாம் பிடிக்க வேண்டியது முக்கியமாக இந்த இரண்டாவது வகையைத்தான்.

எது முதலில்?

தலைப்பைக் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைப் படித்தவர் வழக்கத்திலிருந்து எதை மாற்றிச் செய்யவேண்டும்? அதைச் சொல்லும் சொல் முதலில் வரவேண்டும். வகுப்பு இல்லையென்றால் 'ரத்து'. இடம் மாறினால் 'இடமாற்றம்'. நேரம் மாறினால் 'நேரமாற்றம்'. விண்ணப்பம் என்றால் 'கடைசி நாள்'. அடுத்தது எப்போது. அதற்கடுத்தது எது. ஏன் என்பது கடைசி, வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை.

"ரத்து: சனி தமிழ் வகுப்பு – கடும் பனி"

முதல் 16 எழுத்தில், அதாவது 'வகுப்பு' வரைக்குள், சொல்ல வேண்டிய எல்லாம் முடிந்துவிட்டது. 22 எழுத்துப் போனில் வெட்டு அந்தச் சிறுகோட்டுக்கு அருகில் விழும். பெரிய எழுத்துப் போனில் மூன்று புள்ளிக்கு இடம் கொடுத்து "ரத்து: சனி தமிழ் வகுப்…" என்று நின்றால்கூட யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். விரலை இன்னும் நகர்த்திப் பாருங்கள். "ரத்து: சனி தமிழ்…" குறைதான், ஆனால் பொய் இல்லை. "ரத்து: சனி…" அதுவும் பொய் இல்லை. "ரத்து…" என்று தனியாக நின்றால்கூட, எது ரத்து என்று பார்க்க ஆள் உடனே திறப்பார். (ரகரம் தமிழில் சொல் முதலில் வராது, 'இரத்து' என்று எழுதவேண்டும் என்று உங்கள் ஆசிரியர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். ஓரெழுத்துச் செலவு, தாங்கலாம்.)

'நாளை' என்ற சொல்லை எடுத்துவிட்டதையும் கவனித்திருப்பீர்கள். வெள்ளி இரவு அனுப்பியதைச் சனி காலை ஏழு மணிக்குப் படிப்பவருக்கு 'நாளை' என்பது ஞாயிறு. தலைப்பு பழசாகும், 'நாளை' அதோடு சேர்ந்து பிழையாகும். 'சனி' என்றால் எப்போது படித்தாலும் சனிதான். கிழமையோடு நடக்கும் வகுப்புக்குக் கிழமைப் பெயர் போதும். வருடத்துக்கு ஒருமுறை வரும் விழாவுக்குத் திகதியைப் போடுங்கள்.

முதல் இடத்துக்குத் தகுதியில்லாத சொற்கள் சில உண்டு. அவைதான் நம் தலைப்புகளில் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 'முக்கிய அறிவித்தல்' என்பது ஒன்று. 11 எழுத்து, வரியில் பாதி. அறிவித்தல் என்பது அறிவித்தல் வந்ததிலேயே தெரிகிறது. எல்லா மின்னஞ்சலிலும் 'முக்கிய' இருந்தால் எதுவும் முக்கியம் இல்லை. அடுத்தது சங்கத்தின் பெயர், பெரும்பாலும் 'இன் 25ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு' என்ற வாலோடு. அனுப்புநர் பெயர் தலைப்புக்கு மேலேயே தடித்த எழுத்தில் வந்துவிடுகிறது. அதையே மறுபடி தலைப்பிலும் எழுதினால், ஒரு பெயருக்கு இரண்டு வரி கொடுத்துவிட்டுச் செய்திக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்றுதான் பொருள்.

"இது தமிழ் மரபில்லையே"

இதைச் சொன்னால் வரும் எதிர்ப்புகளில் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, இலக்கணம். வினை கடைசியில்தான் வரும், முன்னால் போட்டால் அது தமிழே இல்லை என்பார்கள். "முடிஞ்சுது கதை", "வந்திட்டுது பஸ்" என்று நம் வீட்டில் சொல்லாதவர் யார்? அவசரமான செய்தியைச் சொல்லும்போது வாய் தானாகவே வினையை முன்னால் தள்ளும். செய்யுளில் பயனிலை முன்னால் வருவது சர்வ சாதாரணம். தவிர, தலைப்பு வசனமாக இருக்கவேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. 'ரத்து' பெயர்ச்சொல்லாகவே நிற்கலாம்.

நம் சமூகத்துக்கு இது பழக்கமில்லாத வேலையும் அல்ல. தமிழ்ப் பத்திரிகையை எடுத்து மரண அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் வசனம் நீளமானது: இந்த ஊரைப் பிறப்பிடமாகவும், அந்த ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்ன திகதியில் காலமானார். வினை கடைசியில்தான். ஆனால் அந்த வசனத்தை அப்படியே தலைப்பாக யாரும் போடுவதில்லை. மேலே பெரிதாக 'மரண அறிவித்தல்', அதன்கீழ் பெயர். எதைப் பற்றியது, யாரைப் பற்றியது, இரண்டும் முதல் பார்வையில் கிடைத்துவிடும். பிறகுதான் ஊர், உறவு, கிரியை நேரம். துயரத்தில் இருக்கும் குடும்பம்கூடத் தலைப்பையும் வசனத்தையும் பிரித்து வைக்கத் தெரிந்திருக்கிறது. வகுப்பு ரத்து என்று சொல்ல நாம் ஏன் முழு வசனத்தையும் தலைப்பில் திணிக்கிறோம்?

இரண்டு, மரியாதை. வணக்கம் இல்லாமல், காரணம் சொல்லாமல், எடுத்த எடுப்பில் 'ரத்து' என்றால் முகத்தில் அடித்ததுபோல இருக்கும் என்பார்கள். நியாயமான கவலைதான். அதற்கு இடம் தலைப்பு அல்ல, உள்ளே இருக்கும் முதல் வரி. ஆனால் அங்கேயும் ஒரு விடயம் உண்டு. பட்டியலில் தலைப்புக்குக் கீழே மின்னஞ்சலின் தொடக்கமும் சிறிது தெரியும். ஐபோனின் அஞ்சல் செயலியில் மாற்றாமல் விட்டால் இரண்டு வரி, ஜிமெயில் செயலியில் ஒரு வரி. நாம் அதில் 'பெருமதிப்புக்குரிய பெற்றோர்களே, வணக்கம். தாங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்' என்று எழுதி அதையும் முடித்துவிடுகிறோம். "வணக்கம். கடும் பனியால் சனிக்கிழமை வகுப்பு நடைபெறாது" என்று தொடங்கிப் பாருங்கள். வணக்கமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, வினை தன் சொந்த இடத்திலும் இருக்கிறது. பிள்ளையோடு குளிரில் போய் நிற்கவிடாமல் செய்வதைவிடப் பெரிய மரியாதை எது?

மூன்று, ஆங்கிலம். இரண்டு மொழியிலும் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். தலைப்பில் முதலில் ஆங்கிலம், ஒரு கோடு, அதன்பின் தமிழ். விரலை வைத்துப் பாருங்கள்: ஆங்கிலம் முடியும்போதே வரி முடிந்துவிடும். அந்தத் தமிழ் ஒரு போனிலும் தெரியாது. அனுப்பியவருக்குத் தமிழில் அனுப்பிய மனநிறைவு, படிப்பவருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மொழியும் ஒரே தலைப்பில் வேண்டுமென்றால், இரண்டிலும் முதற்சொல்லை மட்டும் முன்னால் வையுங்கள்: தமிழில் ரத்து, பக்கத்தில் அதே சொல் ஆங்கிலத்தில், பிறகு கிழமை. இல்லையென்றால் பெறுநர் பட்டியலை இரண்டாகப் பிரித்து இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறினால் தீர்ந்துவிடுமா? 'எதிர்பார்க்கப்படும் கடும் பனிப்பொழிவைக் கருத்திற்கொண்டு' என்று ஆங்கிலத்தில் தொடங்கினாலும் போன் வெட்டத்தான் செய்யும். வரிசை பிழை என்றால் மொழியை மாற்றி ஒரு பலனும் இல்லை. வரிசை சரியென்றால் தமிழ் பின்தங்குவதும் இல்லை. ரத்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் 9 எழுத்து. 'ரத்து' மூன்று. திரையில் அளந்தால் தமிழ்ச் சொல் அதன் பாதி அகலம் அளவில்தான் வருகிறது. நீளமான மொழி என்று எதைச் சொல்கிறோம்?

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். முதற்சொல்லில் செய்தியை வைப்பதும் முதற்சொல்லில் பரபரப்பை வைப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். யூடியூபில் 'அதிர்ச்சி!' என்று தொடங்கும் தலைப்புகளும் வெட்டு எங்கே விழும் என்று தெரிந்துதான் எழுதப்படுகின்றன. செய்தியை வெட்டுக்கு அப்பால் ஒளித்துவைத்தால்தான் ஆள் சொடுக்குவார் என்பது அவர்களுடைய கணக்கு. நாம் செய்வது அதற்கு நேர் எதிர். நல்ல அறிவித்தல் திறக்கப்படாமலே வேலையை முடிக்க வேண்டும். 'ரத்து: சனி தமிழ் வகுப்பு' என்று பூட்டிய திரையில் பார்த்துவிட்டு அம்மம்மா மறுபடி போர்வைக்குள் போனால், அந்த மின்னஞ்சலை அவர் திறக்கவே இல்லை என்று உங்கள் புள்ளிவிவரம் காட்டும். காட்டட்டும்.

அடுத்த முறை குழுவில் யாராவது "தமிழில் அனுப்பினால் ஒருவரும் பார்ப்பதில்லை" என்று சொன்னால், அனுப்பிய தலைப்பைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கிய ஒரு போனில் அதைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால், தமிழை மாற்றுவதற்கு முன் தலைப்பை மாற்றிப் பார்க்கலாமே.